விடிந்தால் எந்தக் கிழமை?

நாகர்கோவில் வடசேரியில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். வயதில் மூத்தவர், ஆகையால் "அண்ணாச்சி" என்றுதான் அழைப்பேன். 2024-ஆம் வருஷம் ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை அவர் கையில் ஒரு காகிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பார். வார்த்தைகளை அலங்காரம் செய்ய வேண்டாம். நாளும் நேரமும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லாமல் விளங்க வேண்டும். அவ்வளவுதான்" என்றார்.

"இதில் என்ன சந்தேகம் வரப் போகிறது?" என்று நான் அசட்டையாகச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம் தமக்கையின் கல்யாணக் கதையைச் சொன்னார்.

அவர் சிறு பையனாயிருந்த காலம். தமக்கையின் பத்திரிகையில், "சனிக்கிழமை விடியற்காலை 4½ மணிக்கு" என்று அச்சிட்டிருந்தார்கள். வீட்டார் கடிகாரத்தைப் பார்த்து எழுதியவர்கள். வெள்ளிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால் அவர்களுக்குச் சனிக்கிழமை பிறந்துவிடும். ஆனால் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இருந்த அம்மாவன் பழைய காலத்து மனிதர். அவருக்குச் சூரியன் உதித்தால்தான் கிழமை மாறும். வெள்ளிக்கிழமை இரவு எத்தனை மணியானாலும் அது வெள்ளிக்கிழமைதான். சனிக்கிழமை விடியற்காலை என்றால், சனிக்கிழமைப் பகலும் இரவும் கழிந்து, பொழுது புலருமுன் வருகிற வேளை என்று அவர் எடுத்துக் கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம், மருமகளுக்கு வாங்கிய பட்டும் பாத்திரமுமாக, குடும்பத்துடன் வண்டியை விட்டு இறங்கினார். பந்தலில் வாழை மரங்களை அவிழ்த்துக் கொண்டிருந்தார்கள்.

தாய் மாமன் செய்ய வேண்டிய சடங்கை வேறொருவர் செய்து முடித்திருந்தார். "என்னை வேண்டாமென்றுதானே நினைத்தீர்கள்?" என்று அம்மாவன் கேட்டாராம். பத்திரிகையை எடுத்துக் காட்டினார்கள். அவரும் தம் கையிலிருந்த பத்திரிகையை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே எழுத்து. அச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை. இரு தரப்பாரும் படித்தது சரியே. ஆயினும் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே வெகு காலம் போக்குவரத்து இல்லாமல் போய்விட்டது.

அதற்கு மேல் நான் அசட்டையாகப் பேசவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஜோசியர் எழுதியிருந்தது இதுதான்:

"குரோதி வருஷம் ஆவணி மாதம் 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, உதயாதி நாழிகை 56-க்கு மேல் 59-க்குள், சிம்ம லக்கினம்."

இதன் கீழே அண்ணாச்சி தாமே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: "15-9-2024 ஞாயிறு காலை 4½ – 5¾."

இப்படியே அச்சானால் பழைய கதை மறுபடியும் நடந்திருக்கும். இந்தத் தடவை தலைகீழாக! எப்படி என்று பார்ப்போம்.

நாழிகை சொல்லும் ரகசியம்

பஞ்சாங்கத்துக்கு ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து மறுநாள் சூரிய உதயம் வரையில். அதை அறுபது நாழிகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். இரண்டரை நாழிகை ஒரு மணி. "உதயாதி நாழிகை" என்றால் உதயம் முதல் எண்ணிய நாழிகை என்று அர்த்தம்.

நாகர்கோவிலில் செப்டம்பர் மாத நடுவில் சூரியன் ஏறக்குறைய 6 மணி 10 நிமிஷத்துக்கு உதிக்கிறான். அங்கிருந்து 56 நாழிகை எண்ணுங்கள். 56-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,344 நிமிஷம். அதாவது 22 மணி 24 நிமிஷம். ஞாயிறு காலை 6-10 உடன் இதைக் கூட்டினால் எங்கே போய் நிற்கிறோம்? திங்கட்கிழமை விடியற்காலை 4 மணி 34 நிமிஷத்தில்! 59 நாழிகை என்பது 23 மணி 36 நிமிஷம். அது திங்கட்கிழமை 5 மணி 46 நிமிஷம்.

அண்ணாச்சி மணியைச் சரியாகவே கணக்கிட்டார். ஆனால் ஜோசியர் எழுதிய கிழமையை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் அந்தக் கிழமைக்குரிய இங்கிலீஷ் தேதியையும் போட்டுவிட்டார். ஜோசியருக்கு அது ஞாயிற்றுக்கிழமைதான். இன்னும் உதயம் ஆகவில்லையே! கடிகாரத்துக்கோ திங்கட்கிழமை பிறந்து நாலரை மணி நேரம் ஆகிவிட்டது. பத்திரிகையை வாங்கும் இளைஞர்கள் "15 ஞாயிறு காலை 4½" என்று படித்து, சனிக்கிழமை இரவே பஸ் ஏறிவிடுவார்கள். ஞாயிறு விடியற்காலையில் வந்து பார்த்தால், வீட்டில் எல்லாரும் தூங்கிக் கொண்டிருப்பார்கள்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உதயத்திலிருந்து நள்ளிரவு வரையில் சுமார் 45 நாழிகை. ஜோசியர் கொடுத்த நாழிகை 45-க்குக் குறைவாயிருந்தால், அவர் எழுதிய கிழமையும் நாள்காட்டியின் கிழமையும் ஒன்றே; யோசனை வேண்டாம். 45-க்கு மேற்பட்டால் நாள்காட்டியில் ஒரு தாள் கிழித்துவிட வேண்டும். கிழமையும் இங்கிலீஷ் தேதியும் ஒன்று கூடும்.

நாழிகையைக் குறிக்காமல் மணியை மட்டும் எழுதிக் கொடுக்கிற ஜோசியர்களும் உண்டு. அவர்களிடம், "இந்த நாலரை மணி உதயத்துக்கு முந்தியதா, அந்த உதயம் எந்தக் கிழமையின் உதயம்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவதே நல்லது. கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

எந்த ஊர் உதயம்?

மேலே 6-10 என்று உதயத்தைச் சொன்னேன். "உதயம் ஆறு மணிதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு மணி என்று வைத்துக் கணக்கிட்டால் முகூர்த்தம் பத்து நிமிஷம் முந்திப் போய்விடும்.

இந்தியா முழுவதும் நம் கடிகாரங்கள் கிழக்கே 82½ பாகையிலுள்ள தீர்க்க ரேகையை ஒட்டி ஓடுகின்றன. நாகர்கோவில் அதற்கு மேற்கே ஐந்து பாகை தள்ளியிருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம் வீதம், சூரியன் நம் ஊருக்கு இருபது நிமிஷம் தாமதித்தே வருகிறான். சென்னைக்கு அந்தத் தாமதம் ஒன்பது நிமிஷந்தான். ஆகவே செப்டம்பர் நடுவில் சென்னையில் 5-58-க்கு உதயமானால் நாகர்கோவிலில் 6-10-க்கு உதயம். சென்னையில் கணித்த பஞ்சாங்கத்தில் லக்கின நேரத்தைக் கடிகார மணியில் போட்டிருந்தால், அதை அப்படியே நம் ஊர்ப் பத்திரிகையில் எடுத்துப் போடுவது பன்னிரண்டு நிமிஷப் பிழையாகும்.

பன்னிரண்டு நிமிஷம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். நடு லக்கினத்தில் தாலி கட்டினால் பெரிய விஷயமில்லை. ஆனால் லக்கினம் முடிகிற வேளையில் அது பெரிய விஷயந்தான். ஆகவே அச்சிடும்போது இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி எழுதுவது வழக்கம். அண்ணாச்சியின் கணக்கு 4-34 முதல் 5-46 வரையில் என்று வந்தது. நாங்கள் "4.40 மணிக்கு மேல் 5.40 மணிக்குள்" என்று முடிவு செய்தோம். அவர் முதலில் எழுதிய "4½" என்ற எண், முகூர்த்தம் ஆரம்பமாவதற்கு நாலு நிமிஷம் முந்தியது. முழு எண்ணாக இருக்க வேண்டுமென்ற ஆசையில் முகூர்த்தத்துக்கு வெளியே போய்விடுகிறோம்!

"மேல்", "உள்" என்ற இரண்டு சொற்களையும் விடக் கூடாது. "4.40 – 5.40" என்று நடுவில் ஒரு கோடு போட்டால், பக்கத்திலேயே "16-9-2024" என்று இன்னும் இரண்டு கோடுகள் இருக்கின்றன. அவசரத்தில் பார்க்கிறவர்களுக்கு எது தேதி, எது மணி என்று மயக்கம் உண்டாகும். அன்றியும், மாதத்தை எண்ணால் எழுதும்போது வேறொரு தொந்தரவு இருக்கிறது. நம் ஊரில் 10-9 என்றால் செப்டம்பர் பத்து. அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்கு அது அக்டோபர் ஒன்பது. அங்கே மாதத்தை முன்னால் எழுதுகிறார்கள். "செப்டம்பர்" என்று எழுத்தால் எழுதிவிட்டால் இந்தத் தொந்தரவு அடியோடு தீர்ந்தது.

இரண்டு வருஷம், ஒரு மாதம்

இதற்குள் உள்ளேயிருந்து மைனி காப்பி கொண்டு வந்தார்கள். அண்ணாச்சியின் மனைவியும் உடன் வந்திருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர்கள் பிறந்த வீடு திருவனந்தபுரத்துப் பக்கம். "எங்க ஆட்களுக்குக் கொல்லம் ஆண்டும் போடணும். ஆவணின்னா அங்கே பிள்ளைகளுக்குத் தெரியாது" என்றார்.

இது நியாயமான பேச்சு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலூகாக்கள்தான் நாஞ்சில் நாடு. அவை கல்குளம், விளவங்கோடு தாலூகாக்களுடன் 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. அதுவரையில் திருவிதாங்கூர் சம்ஸ்தானமும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யமுமாக இருந்த பூமி. கொல்லம் ஆண்டு பத்திரங்களிலும் பழைய கல்யாண ஓலைகளிலும் வழங்கியது. இன்றைக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கேயும் உண்டு, களியக்காவிளைக்கு மேற்கேயும் உண்டு. பத்திரிகை இரண்டு திசைக்கும் போக வேண்டும்.

கொல்லம் ஆண்டைப் போடுவதில் மூன்று இடங்களில் ஜாக்கிரதை வேண்டும்.

முதலாவது, ஆண்டு மாறும் மாதம். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்ஙத்தில் பிறக்கிறது. ஆகவே ஒரே குரோதி வருஷத்தில், ஆடி மாதம் வரையில் கொல்லம் 1199. ஆவணி முதல் தேதியிலிருந்து 1200. ஆடியில் பத்திரிகை எழுத உட்கார்ந்த நாங்கள், சுவரில் தொங்கிய தாளைப் பார்த்து 1199 என்றே முதலில் எழுதிவிட்டோம்! கல்யாணமோ ஆவணியில். சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரையில் கொல்லம் ஆண்டுடன் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரையில் 825-ஐயும் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரவேண்டும். 1200-உடன் 824 கூட்டினால் 2024. சரியாயிற்று.

இரண்டாவது, மாதத்தின் பெயர். மலையாளத்தில் மாதங்களுக்கு ராசிகளின் பெயர்களே வழங்குகின்றன. சிங்ஙம் நமக்கு ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி. லக்கினங்களுக்கும் இதே பெயர்கள்தான். ஆகையால், "1200 சிங்ஙம் 31, சிம்ம லக்கினத்தில்" என்று நெருக்கி அடித்தால், லக்கினத்தை மாதம் என்றும் மாதத்தை லக்கினம் என்றும் படிக்க இடமுண்டு. சிங்ஙம் என்பதன் பின்னால் "மாதம்" என்ற சொல்லை எழுதி, லக்கினத்தை மணிக்குப் பக்கத்தில் தனியே வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, தேதி. இதுதான் படித்தவர்களையும் ஏமாற்றுகிறது. தமிழ் ஆவணியும் மலையாளச் சிங்ஙமும் ஒரே மாதமானால் இரண்டுக்கும் ஒரே தேதிதானே என்று நினைத்துவிடுகிறோம். எப்போதும் அப்படி இல்லை. சூரியன் ஒரு ராசியிலிருந்து மறு ராசிக்குப் போகும் கணத்துக்குச் சங்கிரமம் என்று பெயர். அந்தக் கணம் எந்த நாளில் விழுகிறதோ அதைக் கொண்டு மாதப் பிறப்பை நிச்சயிக்கிறார்கள். தமிழ் வழக்கில், சூரியாஸ்தமனத்துக்கு முன் சங்கிரமம் ஆகிவிட்டால் அன்றைக்கே முதல் தேதி. அஸ்தமனத்துக்குப் பின்னானால் மறுநாள். மலையாள வழக்கில் எல்லை இன்னும் முந்தியது. உதயத்திலிருந்து பதினெட்டு நாழிகைக்குள், அதாவது ஏறக்குறைய பகல் ஒன்றே கால் மணிக்குள் சங்கிரமம் ஆனால்தான் அன்றைக்கு முதல் தேதி, இல்லாவிட்டால் மறுநாள்.

சங்கிரமம் பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்கிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். தமிழருக்கு அன்றே முதல் தேதி பிறந்துவிடும். மலையாளத்தாருக்கு மறுநாள்தான் பிறக்கும். பிறகு அந்த மாதம் முழுவதும் தமிழ்த் தேதி ஒன்று முந்தியே போய்க்கொண்டிருக்கும். நம் பத்தாம் தேதி அவர்களுக்கு ஒன்பதாம் தேதி. இது போதாதென்று, வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சங்கிரம நேரத்தையே வெவ்வேறாகக் கணிக்கின்றன. ஆகையால் ஒரு தேதியைப் பார்த்து மற்றொன்றை ஊகித்து எழுதக் கூடாது. தமிழ்த் தேதியைத் தமிழ் நாள்காட்டியிலும், கொல்லம் தேதியை மலையாள நாள்காட்டியிலும் தனித்தனியே பார்த்தே எழுத வேண்டும்.

எங்கள் அதிருஷ்டம், அந்த மாதத்தில் இரண்டும் ஒத்திருந்தன. ஆவணி முதல் தேதியும் சிங்ஙம் முதல் தேதியும் ஆகஸ்டு 17-ஆம் தேதி சனிக்கிழமையன்றே வந்தன.

எந்தத் தேதியை அச்சிடுவது?

இனிமேல்தான் கஷ்டமான கேள்வி. முகூர்த்தம் திங்கட்கிழமை உதயத்துக்கு முன். பஞ்சாங்கப்படி அது ஆவணி 30, ஞாயிறு. வீட்டுச் சுவரில் கிழிக்கிற நாள்காட்டியில் செப்டம்பர் 16-ஆம் தேதித் தாளில் ஆவணி 31, திங்கள் என்று இருக்கிறது. எதைப் போடுவது?

"ஆவணி 30 ஞாயிறு (16-9-2024 திங்கள்)" என்று இரண்டையும் கலந்து போட்டுவிடலாமே என்று அண்ணாச்சி சொன்னார். சாஸ்திரத்துக்கும் ஒத்தது, கடிகாரத்துக்கும் ஒத்தது என்பது அவர் எண்ணம். ஆனால் படிக்கிறவர்களுக்கு அது அச்சுப் பிழையாகவே தோன்றும். ஒருவர் முன் பாதியை நம்புவார். மற்றொருவர் பின் பாதியை நம்புவார். டெலிபோனில் நூறு பேர் விசாரிப்பார்கள். விசாரிக்காதவர்கள்தான் ஆபத்து.

நான் சொன்ன யோசனை இது: பத்திரிகை பஞ்சாங்கம் அல்ல. உறவினரை வீட்டுக்கு வரச் சொல்வதற்கு ஏற்பட்டது அது. ஆகவே மூன்று கணக்குகளையும், அதாவது தமிழ்த் தேதி, கொல்லம் தேதி, இங்கிலீஷ் தேதி மூன்றையும், சுவர் நாள்காட்டியின் ஒரே தாளிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று பழைய தாளிலும் இரண்டு புதிய தாளிலும் இருக்கக் கூடாது. சாஸ்திரப்படி உள்ள நாளை ஜோசியரின் லக்கினப் பத்திரிகையில் அவர் எழுதியபடியே வைத்துக் கொள்ளலாம். புரோகிதருக்கு அதுவே போதும்.

அத்துடன், உதயத்துக்கு முந்திய முகூர்த்தமானால், எந்த இரவு என்பதையும் ஒரு தடவை வார்த்தையால் சொல்லிவிட வேண்டும். நம் பாட்டிமார் இதற்கு அழகான வாசகம் வைத்திருக்கிறார்கள்: "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விடிந்தால் திங்கட்கிழமை." உதயத்தால் நாள் எண்ணுகிறவருக்கும் இது விளங்கும், நள்ளிரவால் நாள் எண்ணுகிறவருக்கும் விளங்கும். இரண்டு கிழமைகளையும் சொல்லி, நடுவில் ஓர் இரவை வைத்துவிட்டால் தப்ப வழியே கிடையாது. அண்ணாச்சியின் தமக்கை கல்யாணத்தில், "வெள்ளிக்கிழமை இரவு விடிந்தால் சனிக்கிழமை" என்று அச்சிட்டிருந்தால், அம்மாவன் வெள்ளிக்கிழமை மாலையே வந்து இறங்கியிருப்பார்.

"காலை", "இரவு" என்ற சொற்களைத் தனியே நம்பக் கூடாது. "இரவு 4.40" என்பவருக்கும் "காலை 4.40" என்பவருக்கும் நடுவில்தான் இத்தனை வழக்கும் நடக்கிறது. "அதிகாலை" என்பது நல்ல சொல். ஆனால் அதுவும் எந்தக் கிழமையின் அதிகாலை என்பதை மேலே சொன்ன வாசகமே நிச்சயிக்கும்.

இன்னும் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை திருவோணம். ஆகையால், "திருவோண நக்ஷத்திரம் கூடிய சுபதினத்தில்" என்று போட வேண்டுமென்று மைனிக்கு ஆசை. ஆனால் திருவோணம் ஞாயிறு மாலையோடு முடிந்துவிடுகிறது. திங்கள் உதயத்துக்கு முன் ஓடுவது அவிட்டம். துவாதசியும் அன்று மாலையே கழிந்து, திரயோதசி வந்துவிடுகிறது. நக்ஷத்திரத்தையும் திதியையும் நாளின் தலைப்பில் பார்த்து எழுதாமல், முகூர்த்த வேளையில் எது இருக்கிறதோ அதை எழுதவேண்டும். பஞ்சாங்கத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நாழிகை வரையில் என்று எதிரிலேயே போட்டிருக்கும். மைனி முகம் சற்று வாடியது. பிறகு, "போகட்டும், எங்க ஆட்களுக்கு ஓணத்துக்கு மறுநாள் விடியக் காலம்னு வாயால் சொல்லிடுவேன். ஒருத்தரும் மறக்கமாட்டாங்க" என்றார். உண்மையில் அச்சிட்ட எழுத்தைக் காட்டிலும் அது பலமான ஞாபகக் குறிப்பு.

கடைசியில் அச்சுக்குப் போன வாசகம் இது:

"நிகழும் மங்களகரமான குரோதி வருஷம் ஆவணி மாதம் 31-ஆம் தேதி (கொல்லம் 1200-ஆம் ஆண்டு சிங்ஙம் மாதம் 31-ஆம் தேதி, 2024 செப்டம்பர் 16) திங்கட்கிழமை, ஞாயிற்றுக்கிழமை இரவு விடிந்தால் திங்கட்கிழமை அதிகாலை, திரயோதசி திதியும் அவிட்ட நக்ஷத்திரமும் கூடிய சுபவேளையில், 4.40 மணிக்கு மேல் 5.40 மணிக்குள், சிம்ம லக்கினத்தில் திருமாங்கல்யதாரணம் நடைபெறும். வெளியூரிலிருந்து வரும் உறவினர் ஞாயிற்றுக்கிழமை மாலையே வந்து சேரும்படி கேட்டுக் கொள்கிறோம்."

"திங்கட்கிழமை" என்பது இரண்டு தடவை வருகிறதே என்று அச்சுக்கூடத்தார் ஒன்றை அடிக்கப் பார்த்தார்கள். "இருக்கட்டும்" என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசி வாக்கியத்தையும் அவரே சேர்த்தார். மற்ற எல்லாம் தவறாகப் படிக்கப்பட்டாலும் அந்த ஒரு வாக்கியம் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

புரூப் பார்க்கும் முறை

அச்சுக்கூடத்திலிருந்து புரூப் வந்தபோது "31" என்பது "21" என்று வந்திருந்தது. இரண்டு பேர் படித்தும் கண்ணில் படவில்லை. எண்களைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பது கடினம். எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாதத்தில் 1, 8, 15, 22, 29 ஆகிய தேதிகள் ஒரே கிழமையில் வரும். ஆவணி முதல் தேதி சனிக்கிழமை. ஆகவே 29-ஆம் தேதியும் சனி, 30 ஞாயிறு, 31 திங்கள். 22 சனியானால் 21 வெள்ளியல்லவா? பத்திரிகையிலோ திங்கள் என்று இருக்கிறது. அப்போதுதான் பிழை அகப்பட்டது. இங்கிலீஷ் தேதிக்கும் இப்படியே: செப்டம்பர் 1 ஞாயிறு; ஆகவே 15 ஞாயிறு, 16 திங்கள். மூன்று கணக்குகளும் தனித்தனியே எண்ணி ஒரே கிழமையில் வந்து நின்றால் பத்திரிகையை நம்பலாம். கிழமையை அச்சிடுவதன் பிரயோஜனமே இதுதான். தேதிகளுக்கு அது சாட்சி.

ஆனால் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனை அச்சுப் பிழையைத்தான் பிடிக்கும். மூன்று தேதிகளும் பழைய தாளிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தால், எல்லாம் ஞாயிறு என்று ஒற்றுமையாகப் பொய் சொல்லும். எண்ணிப் பார்த்தாலும் சரியாகவே வரும். அண்ணாச்சி முதலில் எழுதிய வரி அப்படிப்பட்டதே. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

அதையும் செய்தோம். புரூப்பை எழுபது வயதைக் கடந்த அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும், கல்லூரியில் படிக்கும் அவர் பேரனிடமும் தனித்தனியே கொடுத்தோம். "கல்யாணம் என்றைக்கு?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பத்திரிகையில் உள்ளதையே திருப்பிப் படித்துவிடுவார்கள். "நீங்கள் எந்த ராத்திரி வீட்டை விட்டுப் புறப்படுவீர்கள்?" என்று கேட்டோம்.

"ஞாயிற்றுக்கிழமை ராத்திரி" என்றார் பெரியவர். "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி" என்றான் பேரன்.

அண்ணாச்சி புரூப்பில் கையெழுத்துப் போட்டார். நெய்யாற்றின்கரை அம்மாவன் இப்போது இல்லை. அவருடைய மகனுக்குரிய பத்திரிகையை மட்டும் தபாலில் அனுப்பாமல், அண்ணாச்சி தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதை நின்றபடியே ஒரு தடவை படித்தாராம். பிறகு, "அத்தான், இந்தத் தடவை ராத்திரியையும் எழுதிவிட்டீர்களே!" என்று சொல்லி, உட்காரச் சொன்னாராம்.